குடியிருப்பில் மின்வாகன சார்ஜிங்: சங்கத்திடம் கேட்பது முதல் செலவைப் பிரிப்பது வரை முழுமையான வழிகாட்டி

எங்கள் குடியிருப்பில் முதல் கோரிக்கை பத்தே நிமிடத்தில் தோற்றுப்போனது. கொண்டுபோனவர்களில் நானும் ஒருவன். சார்ஜரின் படம், விலைப்பட்டியல், வாரண்டி எல்லாம் கையில் இருந்தன. பொருளாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "கார் வைத்திருக்கும் நீங்கள் மூன்று பேர். பணம் கட்டுவது யார்?" எங்களிடம் பதில் இல்லை. ஏழு மாதம் கழித்து அதே கோரிக்கை, அதே ஆட்கள் முன்னிலையில் நிறைவேறியது. சார்ஜர் அப்படியேதான் இருந்தது. வேலை செய்த வரிசையைத்தான் மாற்றியிருந்தோம்.

அதன்பிறகு வேறு சில குடியிருப்புகளுக்கும் உதவப் போனேன். புதிதாகக் கேட்பவர்கள் அநேகமாக ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஒரே வளாகம், பொதுவான கார் நிறுத்துமிடம், அவரவருக்கு ஒதுக்கிய இடம், அந்த இடத்திலேயே சார்ஜிங் என்ற அமைப்பை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கணக்குக்காக 60 வீடுகள் உள்ள ஒரு கட்டிடத்தை எடுத்துக்கொள்கிறேன். பணத்துக்கு நாணயம் போடவில்லை. எண்களின் விகிதம்தான் முக்கியம்.

## 1. முதலில் காகிதங்களைப் படியுங்கள்

யாரிடமும் பேசுவதற்கு முன் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, கார் நிறுத்தும் இடம் உங்கள் பெயரில் இருக்கிறதா, அல்லது பொது இடத்தில் உங்களுக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும்தானா? சொந்த இடமாகவே இருந்தாலும் கேபிள் வரும் சுவரும் கூரையும் பொதுச் சொத்து. அதனால் எப்படியும் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். இடத்தை அடிக்கடி மாற்றிக் கொடுக்கும் வழக்கம் உள்ள குடியிருப்பு என்றால், சார்ஜரை ஒரு இடத்தோடு கட்டிப்போடுவதற்கு முன் அந்த வழக்கத்தைப் பற்றிப் பேசி முடிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, துணைவிதிகள். பொது இடத்தில் மாற்றம் செய்ய எத்தனை பங்கு வாக்கு வேண்டும், கூட்ட அறிவிப்பு எத்தனை நாள் முன்பு போக வேண்டும், நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருளின் மேல் தீர்மானம் போடலாமா என்று பாருங்கள். "இதர விஷயங்கள்" என்ற தலைப்பின் கீழ் எழுந்து பேசி, வாக்கும் வாங்கி, பிறகு அந்தத் தீர்மானமே செல்லாது என்று ஆன கதை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, உங்கள் பகுதியின் சட்டம். சில இடங்களில் இது சங்கத்தின் தயவைப் பொறுத்த விஷயமே இல்லை. ஜெர்மனியில் 2020 டிசம்பர் 1 முதல் வீட்டு உரிமையாளர் தன் செலவில் சார்ஜிங் வசதி கோரலாம். எப்படிச் செய்வது என்பதைத்தான் மற்ற உரிமையாளர்கள் முடிவு செய்ய முடியும். கலிபோர்னியாவில் சங்கம் விண்ணப்பத்தை 60 நாளுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால், கூடுதல் விவரம் கேட்டு நியாயமாகத் தாமதித்தால் ஒழிய, அது ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். உங்கள் ஊரில் இப்படி ஏதாவது இருந்தால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடிதத்தின் முதல் வரியில் அதை எடுத்து வீசாதீர்கள். சட்டப்பிரிவோடு ஆரம்பிக்கும் கடிதம் நேராக வக்கீலிடம்தான் போகும், அதோடு ஆறு மாதமும் போகும்.

## 2. கை தூக்குகிறவர்களையும் பணம் கட்டுகிறவர்களையும் பிரியுங்கள்

அடுத்த வேலை ஆள் சேர்ப்பது. தனி ஆளாகக் கேட்டால் அது "அவருடைய கார்ப் பிரச்சினை". பத்து பேர் சேர்ந்து கேட்டால்தான் அது கட்டிடத்தின் விஷயமாகிறது.

வாட்ஸ்அப் குழுவில் "யாருக்கெல்லாம் சார்ஜிங் வேண்டும்?" என்று கேட்காதீர்கள். எங்களுக்கு 31 கட்டைவிரல்கள் வந்தன. திருப்பித் தரக்கூடிய ஒரு சின்ன முன்பணம் கட்டச் சொன்னதும் அது 10 ஆனது. அந்தப் பத்துதான் உண்மையான எண். ஆனால் 31-ஐயும் தூக்கி எறிய வேண்டாம். எவ்வளவு பெரிய கேபிள் போடுவது என்று முடிவு செய்ய அது உதவும்.

படிவத்தில் நான்கு கேள்விகள் போதும்: நிறுத்துமிட எண், கார் இப்போது இருக்கிறதா அல்லது எப்போது வரும், ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள், முன்பணம் கட்டத் தயாரா. குடியிருப்பவர் வாடகைக்காரர் என்றால் வீட்டு உரிமையாளரின் கையெழுத்தையும் அப்போதே வாங்கிவிடுங்கள். வாக்கு உரிமையாளருக்குத்தான் இருக்கும், சார்ஜர் தேவை வாடகைக்காரருக்கு இருக்கும். இந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தே பல மாதம் ஆகியிருக்கும்.

நிறுத்துமிட எண் எதற்கு என்று கேட்கலாம். கையெழுத்திட்டவர்களின் இடங்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். எல்லாம் ஒரு பக்கமாக இருந்தால் கேபிள் தூரம் பாதியாகக் குறையும். ஓரிரு இடங்களை மாற்றிக்கொள்வதற்கு இதுதான் நல்ல நேரம்.

## 3. லோடை அளக்காமல் ஒரு விலைப்பட்டியலும் வாங்காதீர்கள்

எங்கள் முதல் முயற்சியில் இந்தப் படியைத்தான் தாண்டிப் போனோம். சார்ஜர் விற்க வந்தவர் மெயின் போர்டைத் திறந்துகூடப் பார்க்காமல் "இணைப்பை இரண்டு மடங்காக்க வேண்டியிருக்கும்" என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரியால் செலவு பல மடங்கு ஏறியது. உண்மையில் அது தேவையே இல்லை.

அவர் போட்ட கணக்கு இதுதான். 32 ஆம்பியர், 230 வோல்ட் சார்ஜர் ஒன்று சுமார் 7.4 கிலோவாட் இழுக்கும். பத்து சார்ஜருக்கு 74. கட்டிடத்துக்கு அனுமதிக்கப்பட்ட லோடு 100 கிலோவாட். ஏற்கெனவே உச்ச நேரத்தில் 71 போகிறது. 71-உம் 74-உம் 145. ஆக, இணைப்பு போதாது.

கூட்டல் சரி. ஆனால் பத்துக் காரும் ஒரே நேரத்தில், முழு வேகத்தில், கட்டிடத்தின் உச்ச நேரத்திலேயே சார்ஜ் ஏறினால்தான் இந்தக் கணக்கு செல்லும். கார்களுக்குத் தேவைப்படுவது அவ்வளவு இல்லை. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் காருக்கு, 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் என்று வைத்தால் 6 யூனிட் ஆகிறது. சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 7. பத்துக் காருக்கு ஒரு இரவில் 70 யூனிட்.

இனி கட்டிடத்தில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்போம். இதற்கு மெயின் இணைப்பில் கிளாம்ப் வகைப் பதிவுக் கருவியை மாட்டி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை வாசிப்பு எடுக்கும்படி இரண்டு வாரம் விட வேண்டும். மின் ஒப்பந்ததாரர்களிடம் இந்தக் கருவி வாடகைக்குக் கிடைக்கும். மாட்டும் வேலை எலெக்ட்ரீஷியனுடையது. ஸ்மார்ட் மீட்டர் இருக்கும் இடத்தில் இந்த விவரத்தை மின் நிறுவனத்திடமே கேட்டு வாங்க முடியலாம். எந்தப் பருவத்தில் உங்கள் கட்டிடம் அதிகம் இழுக்கிறதோ, அந்தப் பருவத்தில் அளப்பது முக்கியம். மிதமான பருவத்தில் அளந்துவிட்டு நிம்மதியாக இருந்தால், ஏசியோ ஹீட்டரோ எல்லா வீட்டிலும் ஓடும் மாதத்தில் மெயின் பிரேக்கர் விழும்.

நம் 60 வீட்டுக் கட்டிடத்தில் வந்த படம் இது: இரவு எட்டரை மணிக்கு உச்சம், 71 கிலோவாட். பதினொரு மணியிலிருந்து அதிகாலை ஐந்து வரை 28-ஐத் தாண்டவில்லை. 100-இல் 10 கிலோவாட்டைப் பாதுகாப்புக்காக ஒதுக்கினால் பயன்படுத்தக்கூடியது 90. ஆக, உச்ச நேரத்திலேயே 19 கிலோவாட் மிச்சம், நள்ளிரவில் 62. அந்த ஆறு மணி நேரத்தில் மட்டும் 372 யூனிட் கொடுக்கலாம். நமக்குத் தேவை 70. முப்பது கார் வந்தாலும் 210தான்.

இந்த மிச்சத்தைக் கார்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் லோடு மேனேஜ்மென்ட். மெயின் கேபிளில் ஒரு சென்சார் கட்டிடம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்கேற்பச் சார்ஜர்களின் வேகம் கூடும், குறையும். இதற்கு ஒரு கீழ் எல்லை உண்டு. இப்போதுள்ள தரநிலைப்படி கார் 6 ஆம்பியருக்குக் கீழே சார்ஜ் ஏற்காது. அதாவது ஒரு காருக்குக் குறைந்தது 1.38 கிலோவாட். உச்ச நேரத்து 19 கிலோவாட்டை மூன்று ஃபேஸுக்கும் சமமாகப் பிரித்தால் ஒரு ஃபேஸில் நான்கு கார், மொத்தம் 12 கார் ஒரே நேரத்தில் மெதுவாக ஏறலாம். பதின்மூன்றாவது கார் கொஞ்சம் காத்திருக்கும், பிறகு முறை வரும். காலையில் எல்லாம் நிரம்பியிருக்கும்.

இங்கே ஃபேஸ் என்று சொன்னதைக் கவனியுங்கள். ஒரு ஃபேஸ் சார்ஜர்களை மாட்டும்போது முதலாவதை ஒரு ஃபேஸிலும், அடுத்ததை அடுத்த ஃபேஸிலும் என்று சுழற்றி மாட்ட வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே ஃபேஸில் போட்டுவிட்டால், மொத்த லோடு குறைவாகக் காட்டும்போதே அந்த ஒரு ஃபேஸ் மூச்சு முட்டும். ஒப்பந்தத்தில் இதை ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

## 4. எந்த மீட்டரிலிருந்து என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு வழிகள் உண்டு. அவரவர் வீட்டு மீட்டரிலிருந்து நேராக அவரவர் நிறுத்துமிடத்துக்குக் கேபிள் இழுக்கலாம். அல்லது பொதுவாக ஒரு சார்ஜிங் போர்டு வைத்து, அங்கிருந்து கிளை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் துணை மீட்டர் வைக்கலாம்.

முதல் வழியில் பில் தகராறே வராது. மீட்டர் அறை நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே இருந்து, வீடுகளும் குறைவாக இருந்தால் இதுவே போதும், யோசிக்கவே வேண்டாம். பெரிய கட்டிடத்தில் இது கழுத்தைப் பிடிக்கும். பத்தாவது ஆளின் கேபிளுக்குச் சுவரில் இடம் இருக்காது. அவரவர் தனித்தனியாக இழுப்பதால் மொத்த லோடைக் கட்டுப்படுத்தவும் வழி இருக்காது. முதலில் வந்த ஆறேழு பேர் மிச்சம் இருந்ததை எடுத்துக்கொள்வார்கள், அடுத்தவருக்கு "இடமில்லை" என்ற பதில்தான் கிடைக்கும்.

அதனால் 60 வீடுகளுக்குப் பொதுப் போர்டு. சார்ஜர் எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் ஓசிபிபி என்ற பொது நெறிமுறையில், குறைந்தது 1.6 பதிப்பில், பேசக்கூடியதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஐந்து வருடம் கழித்து வரும் புது ஆளும் அதே நிறுவனத்தின் சார்ஜரைத்தான், அவர்கள் சொல்லும் விலைக்கு, வாங்க வேண்டியிருக்கும்.

"சாதாரண பிளக் பாயின்ட் போதுமே" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். வீட்டு பிளக் பாயின்ட் நாள்தோறும் எட்டு மணி நேரம் முழு லோடில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதில்லை. ஒரு குடியிருப்பில் அப்படி ஒன்றைக் கழற்றிக் காட்டினார்கள். வெளியே வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே ஒரு துளையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் தேநீர் நிறத்துக்கு மாறி, வயரின் உறை முறுகிப்போய் இருந்தது. பின் சரியாகக் கவ்வாத இடத்தில் சூடு ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த பிளக்கை நானே எங்கள் கூட்டத்துக்கு வாங்கிப் போய்க் கை மாற்றி விட்டேன். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

## 5. செலவை மூன்று கட்டாகப் பிரியுங்கள்

கோரிக்கை நிற்பதும் விழுவதும் இங்கேதான். "மொத்தம் இவ்வளவு ஆகும்" என்று ஒரே எண்ணைக் காட்டினால், அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் அதை 60-ஆல் வகுத்துப் பார்த்துக் கோபப்படுவார்கள். மூன்று கட்டாகப் பிரித்துக் காட்டுங்கள்.

முதல் கட்டு, தனி ஆளுக்கானது: அவருடைய சார்ஜர், அவருடைய இடத்துக்கான கிளை கேபிள், பிரேக்கர், மாட்டும் கூலி. இதை அவரே முழுசாகக் கட்டுகிறார். இதில் விவாதமே இல்லை.

இரண்டாம் கட்டு, பொது அடிப்படை: சார்ஜிங் போர்டு, மெயினிலிருந்து வரும் தடித்த கேபிள், கேபிள் ட்ரே, லோடு மேனேஜ்மென்ட், மெயின் சென்சார். சண்டை எல்லாம் இதற்குத்தான்.

மூன்றாம் கட்டு, மாதச் செலவு. அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாம் கட்டை வழக்கமாக இரண்டு விதமாகப் பிரிக்கிறார்கள், இரண்டிலும் குறை இருக்கிறது. 60 வீடும் சமமாகக் கட்டினால், கார் இல்லாத 50 வீடு அடுத்தவர் வசதிக்குப் பணம் கொடுக்கிறது. பத்து பேர் மட்டும் கட்டினால், அவர்கள் தங்களுக்குப் போதுமான சிறிய கேபிளைத்தான் போடுவார்கள். பதினோராவது ஆள் வரும்போது அதைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட வேண்டும். அல்லது பத்து பேரும் பெருந்தன்மையாகப் பெரிய கேபிள் போடுவார்கள், பின்னால் வருபவர் இலவசமாக ஏறிக்கொள்வார்.

எங்களுக்கு வேலை செய்தது நடுவில் ஒரு வழி. ஒப்பந்ததாரரிடம் பொது அடிப்படைக்கு இரண்டு விலை கேளுங்கள்: 10 இடத்துக்கு எவ்வளவு, 30 இடத்துக்கு எவ்வளவு என்று. முன்பு கை தூக்கிய 31 பேரை இங்கேதான் பயன்படுத்துகிறோம். 10 இடத்துக்கு 600, 30 இடத்துக்கு 900 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். திறன் மூன்று மடங்கு, விலை ஒன்றரை மடங்குதான். பெரும்பகுதி செலவு கூலியிலும், சுவரில் துளை போடுவதிலும், போர்டிலும் இருப்பதால் இப்படித்தான் வரும்.

600-ஐப் பத்து பேர் தலைக்கு 60 என்று கட்டுகிறார்கள். மீதி 300 எதிர்காலத்துக்கானது. அதைச் சங்கத்தின் இருப்பு நிதி முன்பணமாகத் தருகிறது. கொடையாக இல்லை, திரும்பி வரும் பணமாக.

பதினோராவது ஆள் வரும்போது அவரும் 60 கட்டுகிறார். அது சங்கத்துக்குப் போகிறது. பதினைந்தாவது ஆள் வரும்போது ஐந்து 60, ஆக 300, சங்கத்தின் பணம் முழுசாகத் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு வருபவர், 900-ஐ அப்போதைய மொத்த ஆட்களால் வகுத்துக் கட்டுவார். பதினாறாவது ஆளுக்கு 56.25. அந்தப் பணம் ஏற்கெனவே இருக்கும் 15 பேருக்கும் ஆளுக்கு 3.75 என்று திரும்பப் போகும். இப்போது பதினாறு பேரும் கட்டியது சரியாக 56.25. முப்பது ஆள் சேரும்போது எல்லாருடைய பங்கும் 30. முதலில் வந்தவரும் கடைசியில் வந்தவரும் ஒரே தொகைதான் கட்டியிருப்பார்கள்.

இதற்கு மூன்று விதிகளை எழுத்தில் போடுங்கள். பங்கு வீட்டோடு சேர்ந்தது, ஆளோடு இல்லை. வீட்டை விற்றால் பங்கும் புது உரிமையாளருக்குப் போகும், சங்கம் பணம் திருப்பித் தராது. அடுத்து, கணக்குக்கு ஒரு கால எல்லை வேண்டும். 10 ஆண்டு என்று வைக்கலாம். அதற்குள் கேபிளின் மதிப்பும் குறைந்திருக்கும், முதலில் கட்டியவர்களும் போதுமான அளவு பயன்படுத்தியிருப்பார்கள். அதன்பிறகு சேருபவர் தனிக் கட்டை மட்டும் கட்டினால் போதும். மூன்றாவது, பத்து ஆண்டில் மொத்த எண்ணிக்கை 15 பேரை எட்டாமல் போனால் சங்கத்தின் மீதிப் பணம் நட்டம்தான் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அதிகபட்ச நட்டம் 300, அதாவது வீட்டுக்கு 5. இந்த எண்ணை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் எதிர்ப்பவருக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

## 6. மாத பில்லில் எங்கே கசிகிறது

துணை மீட்டர் இருக்கிறதே, யூனிட்டை விலையால் பெருக்கினால் முடிந்தது என்று தோன்றும். இரண்டு இடத்தில் கசியும்.

ஒன்று, இழப்பு. சார்ஜிங் போர்டுக்கு வரும் மீட்டர் மாதம் 2,100 யூனிட் காட்டுகிறது, பத்துத் துணை மீட்டரையும் கூட்டினால் 2,040 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்ச 60 கேபிள் இழப்பிலும், கார் இல்லாதபோதும் விழித்திருக்கும் சார்ஜர்களிலும் போனது. இதைச் சங்கம் சுமந்தால் அது மானியம். அவரவர் யூனிட் விகிதத்திலேயே பிரித்துவிடுங்கள்: 204 யூனிட் பயன்படுத்தியவர் 210-க்குக் கட்டுவார். வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினால் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போகாமல், எந்த மீட்டர் தவறாக ஓடுகிறது என்று தேடுங்கள்.

இன்னொன்று, அடுக்குக் கட்டணம். அதிகம் பயன்படுத்தினால் யூனிட் விலை ஏறும் ஊர்களில், பொது மீட்டரில் கார்களின் 2,100 யூனிட் சேரும்போது அது மொத்தமும் மேல் அடுக்கு விலையில்தான் விழும். கார்க்காரர்களிடம் சராசரி விலை வாங்கினால், மாடி விளக்குக்கும் லிஃப்டுக்கும் ஆகும் செலவு மற்றவர்களுக்குச் சத்தமில்லாமல் ஏறும். ஒரு வருடம் கழித்து யாராவது பழைய பில்லை எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள், அப்போது நம்பிக்கை போய்விடும். சார்ஜிங்குக்குத் தனி இணைப்பு கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால், கார்கள் இல்லாமல் இருந்திருந்தால் பில் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்கிட்டு, வித்தியாசம் முழுவதையும் கார்க்காரர்களே கட்டட்டும். உச்ச கிலோவாட்டுக்குத் தனிக் கட்டணம் உள்ள இடங்களிலும் இதே முறைதான்.

பராமரிப்பு, மென்பொருள் சந்தா, ஆண்டுச் சோதனை ஆகியவற்றுக்கு இணைப்புக்கு இவ்வளவு என்று மாதத் தொகை. கார் ஊரில் இல்லாத மாதமும் கட்ட வேண்டியதுதான்.

## 7. கடிதம் ஒரு பக்கம், தீர்மானம் தயாராக

சங்கத்துக்கான கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. யார் கேட்கிறோம், என்ன கேட்கிறோம், சங்கம் செய்ய வேண்டியது என்ன, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். லோடு அளவீடு, வரைபடம், இரண்டு விலைப்பட்டியல், செலவுப் பங்கீடு ஆகியவை இணைப்புகள்.

பலர் செய்யும் தவறு, "ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்று முடிப்பது. ஆவன செய்ய யாருக்கும் நேரம் இருக்காது. செயற்குழு எல்லாரும் வேலைக்குப் போய்விட்டு வந்து சம்பளமில்லாமல் உட்காருபவர்கள். வாக்கெடுப்புக்கு வைக்க வேண்டிய தீர்மானத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். எங்களுடையது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"இணைப்பு 2-இல் உள்ள வரைபடத்தின்படி, 30 இடங்களுக்குப் போதுமான பொதுச் சார்ஜிங் அடிப்படையை அமைக்க இக்கூட்டம் ஒப்புதல் அளிக்கிறது. விண்ணப்பித்த 10 வீடுகள் 600-ஐக் கட்டும். சங்கம் இருப்பு நிதியிலிருந்து 300-க்கு மேற்படாமல் முன்பணம் தரும். பின்னால் சேரும் வீடுகளின் பங்கு முதலில் சங்கத்துக்கும், பிறகு முன்னர் கட்டிய வீடுகளுக்கும் சேரும். இந்த ஏற்பாடு 10 ஆண்டுக்கு. தனி இணைப்புகளின் செலவும் மின்கட்டணமும் அந்தந்த வீட்டையே சேரும். பொதுப் போர்டைத் தவிர வேறு வழியில் எவரும் சார்ஜர் மாட்டக் கூடாது."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒரே ஒருவர் தன் வீட்டு மீட்டரிலிருந்து தனியாக இழுத்தாலும் 5-ஆம் படியின் கணக்கு ஆட்டம் காணும்.

கூட்டத்துக்கு முன் பொருளாளரைத் தனியாகப் பாருங்கள். தலைவரைப் பார்ப்பதைவிட இது முக்கியம் என்பது என் அனுபவம். எண்கள் அவருக்குப் புரிந்துவிட்டால், கூட்டத்தில் உங்களுக்காக அவரே விளக்குவார்.

## 8. தீ பற்றிய கேள்விக்கு எழுத்தில் பதில்

கூட்டத்தில் பணத்துக்கு அடுத்த கேள்வி தீ. "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொன்னால் அத்தோடு தோற்றீர்கள். பயப்படுபவரின் பயம் நியாயமானது, அவருக்குக் காகிதம் வேண்டும்.

மூன்று காகிதங்களைக் கொண்டுபோங்கள். கட்டிடத்தின் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து, சார்ஜர் வைத்தால் அவர்களுடைய நிபந்தனைகள் என்ன என்ற பதில். ஒவ்வொரு இணைப்புக்கும் தனி பிரேக்கர், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி, 6 மில்லியாம்பியர் டிசி மின்னோட்டக் கசிவைக் கண்டறியும் வசதி ஆகியவை இருக்கும் என்று ஒப்பந்ததாரர் எழுதிக் கொடுத்தது. டிசி கசிவு சாதாரண ஆர்சிடியைக் குருடாக்கிவிடும், அதனால்தான் இது தேவை. மூன்றாவது, எல்லா சார்ஜர்களையும் ஒரே அழுத்தில் நிறுத்தும் அவசர சுவிட்ச் எங்கே வரும் என்ற வரைபடம். நிறுத்துமிடத்துக்குள்ளே இல்லாமல் நுழைவாயில் பக்கம், காவலாளியின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

## 9. பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு சோதனை

வேலை முடிந்தது என்று ஒப்பந்ததாரர் சொன்னதும் கடைசித் தவணையைக் கொடுத்துவிடாதீர்கள். அதில் ஒரு பகுதியைச் சோதனைக்குப் பிறகு என்று ஒப்பந்தத்திலேயே நிறுத்தி வையுங்கள்.

முதல் சோதனை, இரவு எட்டரை மணிக்கு. கையில் இருக்கும் எல்லாக் கார்களையும் செருகி, மெயினில் கிளாம்ப் மீட்டர் மாட்டி, மூன்று ஃபேஸையும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. கார் மூன்றுதான் இருக்கிறது என்றால், சோதனைக்காக வரம்பை 90-இலிருந்து 75-க்குக் குறைக்கச் சொல்லுங்கள். சார்ஜர்களின் வேகம் சில நொடிகளில் இறங்குவது ஆப்பிலேயே தெரியும்.

இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. சென்சாரிலிருந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும் தகவல் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். கட்டிடத்தின் லோடு தெரியாமல் போனதும் சார்ஜர்கள் 6 ஆம்பியருக்கு இறங்க வேண்டும், அல்லது நிற்க வேண்டும். எங்கள் கட்டிடத்தில் கழற்றியதும் மூன்று கார்களும் முழு வேகத்துக்கு ஏறின. ஒப்பந்ததாரரின் ஆள் லேப்டாப்பைத் திறந்து ஒரு எண்ணை மாற்றினார், இரண்டு நிமிட வேலைதான். மறுபடி கழற்றினோம், இந்த முறை இறங்கின. அப்புறம்தான் பொருளாளர் காசோலையில் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கே பங்குப் பதிவேட்டையும் ஆரம்பித்துவிடுங்கள்: வீட்டு எண், சேர்ந்த தேதி, கட்டியது, திரும்பப் பெற்றது. பத்து வரிதான் இருக்கும். சங்கத்தின் மற்ற கணக்குப் புத்தகங்களோடு அதையும் ஆண்டுத் தணிக்கைக்குக் கொடுங்கள். எங்கள் பதிவேட்டில் பதினோராவது வரியில் இருப்பது, முதல் கூட்டத்தில் எதிர்த்து வாக்களித்த வீட்டின் எண்.